எட்டி வைக்கணுமா, வேகமா வைக்கணுமா?

காலையில் ஐந்தரை மணிக்குப் புதுச்சேரியில் உப்பளம் மைதானத்துப் பக்கம் போனால் இந்தக் குரல் கண்டிப்பாகக் காதில் விழும்: "காலை எட்டிப் போடுடா!" அதே ஊரில் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர்களிடம் கேட்டால் வேறு பாடம் சொல்வார்கள். "கேடன்ஸை 180-க்குக் கொண்டு வாங்க, மத்ததெல்லாம் தானா வரும்." கேடன்ஸ் என்றால் நிமிடத்துக்கு எத்தனை காலடி வைக்கிறோம் என்ற கணக்கு. இரண்டு அறிவுரையையும் ஒரே ஆள் ஒரே வாரத்தில் கேட்டுவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்தான். ஒன்று காலடியை நீட்டச் சொல்கிறது. மற்றது, அதே வேகத்தில் ஓடினால், காலடியைக் குறுக்கச் சொல்கிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு ஓடுபாதை, ஒரு ஸ்டாப்வாட்ச், வலது கால் தரையில் படும்போதெல்லாம் எண்ணும் பொறுமை, இவ்வளவு இருந்தால் அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

கணக்கு இதுதான்:

```
வேகம் (மீ/நிமிடம்) = காலடி நீளம் (மீ) × கேடன்ஸ் (காலடி/நிமிடம்)
```

காலடி நீளம் என்பது வலது கால் பட்ட இடத்திலிருந்து இடது கால் பட்ட இடம் வரை உள்ள தூரம். வலதிலிருந்து அடுத்த வலது வரை அளந்தால் அது இரட்டைக் காலடி. ஆங்கிலத்தில் அதைத்தான் ஸ்ட்ரைடு என்பார்கள், ஆனால் பேச்சில் இரண்டுக்கும் அதே சொல்லைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். செயலிகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. சில திரைகள் ஒரு காலை மட்டும் எண்ணி 76 என்று காட்டும், சில இரண்டையும் எண்ணி 152 என்று காட்டும். ஓடும்போது 100-க்குக் கீழே ஒரு எண் தெரிந்தால் அது ஒற்றைக் கால் கணக்கு, இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கடிகாரம் காட்டும் காலடி நீளத்தை இந்தச் சோதனைக்கு நான் நம்புவதில்லை. ஜிபிஎஸ் சொன்ன தூரத்தைக் காலடி எண்ணிக்கையால் வகுத்து அது அந்த எண்ணைத் தருகிறது. தூரத்தில் மூன்று சதவீதம் பிசகினால் நீளமும் மூன்று சதவீதம் பிசகும், நாம் தேடும் வித்தியாசமே ஐந்து சதவீதம்தான். 400 மீட்டர் ஓடுபாதையின் உள்வட்டம் ஏமாற்றாது. உள்வட்டம் என்றால் முதல் தடம், உள்விளிம்பை ஒட்டி. இரண்டாம் தடத்தில் ஓடினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 7 மீட்டர் கூடிவிடும், மூன்றாம் தடத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு. கடலூரில் இருப்பவர்களுக்கு அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. சில்வர் பீச் மணல் மட்டும் வேண்டாம். உலர்ந்த மணலில் கால் புதைவதால் காலடி தானாகவே குறுகும், அலை நனைத்த மணல் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். பயிற்சிக்கு அதில் ஓடலாம், அளப்பதற்கு அது இடமில்லை.

பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிய பிறகு மூன்று சுற்று ஓட வேண்டும். முதல் சுற்று பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். இரண்டாவது உங்கள் 5 கிலோமீட்டர் பந்தய வேகம். மூன்றாவது அதைவிட வேகமாக, ஆனால் தலைதெறிக்க அல்ல, இன்னொரு சுற்றும் ஓட முடியும் என்ற அளவில். நடுவில் மூன்று நிமிடம் நடை. ஒவ்வொரு சுற்றிலும் வலது கால் படுவதை மட்டும் எண்ணி, முடிந்ததும் இரண்டால் பெருக்கி, நேரத்தோடு உடனே எழுதி வையுங்கள். இருநூறு வரை எண்ணுவதில் நூற்றைம்பதுக்கு மேல் நாக்கு குழறும். அதனால் ஒவ்வொரு ஐம்பதுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். புதுச்சேரிக்காரர், வயது 38, உயரம் 168 சென்டிமீட்டர். 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடுகிறார், 27 நிமிடத்துக்கு வர ஆசை. அவருடைய தாளில் இருப்பது இது:

```
சுற்று     நேரம்    வலது கால்   மொத்தம்   நீளம்     கேடன்ஸ்
மெதுவாக   165 வி     204        408      0.98 மீ    148
பந்தயம்    144 வி     182        364      1.10 மீ    152
வேகமாக    120 வி     156        312      1.28 மீ    156
```

நீளத்துக்கு 400-ஐ மொத்தக் காலடியால் வகுக்க வேண்டும். கேடன்ஸுக்கு மொத்தக் காலடியை விநாடியால் வகுத்து 60-ஆல் பெருக்க வேண்டும். அதற்குமேல் கணக்கில் ஒன்றுமில்லை.

இந்த அட்டவணையை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும், விஷயம் அதில்தான் இருக்கிறது. மெதுவான சுற்றிலிருந்து வேகமான சுற்றுக்கு வேகம் 37 சதவீதம் கூடியிருக்கிறது. அதில் கேடன்ஸின் பங்கு 5 சதவீதம் மட்டும். காலடி நீளம் 31 சதவீதம் கூடியிருக்கிறது. வேகம் வேண்டும் என்று மனது சொன்னால் இவருடைய உடம்புக்குத் தெரிந்த ஒரே வழி எட்டிப் போடுவதுதான். மிதமான வேகங்களில் எல்லோருக்குமே நீளம்தான் அதிகம் கூடும், கேடன்ஸ் கடுமையாக ஏறுவது முழுவேக ஓட்டத்தை நெருங்கும்போதுதான். ஆனாலும் பந்தய வேகத்திலேயே 152-ல் நிற்பதும், மூன்று வேகத்துக்கும் அது கிட்டத்தட்ட அசையாமல் இருப்பதும் சேர்ந்தால் சந்தேகப்பட இடம் இருக்கிறது.

சந்தேகத்தை உறுதி செய்ய ஒரு வீடியோ போதும். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், அந்த நேரம் வசதி. நண்பர் ஒருவர் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, போனை முழங்கால் உயரத்தில் அசையாமல் பிடித்து, ஸ்லோமோஷனில் எடுக்கட்டும். நடந்தபடியே எடுத்தால் கோணம் மாறி எதுவும் புரியாது. ஓடுகிறவர் படத்தின் நடுவைக் கடக்கும்போது கால் தரையைத் தொடும் முதல் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை உள்ள எலும்பு நிமிர்ந்து நிற்கிறதா, இல்லை பாதம் முழங்காலைத் தாண்டி முன்னால் நீண்டு ஏணி சாத்தியது போலச் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால், பாதம் உடம்பின் எடைக்கு மிகவும் முன்னால் விழுகிறது. அங்கே விழும் கால் முதலில் பிரேக் போடுகிறது, பிறகுதான் தள்ளுகிறது. ஒவ்வொரு காலடியிலும் கொஞ்சம் வேகத்தை இழந்து, அதை மறுபடி சம்பாதிக்கிற வேலை அது. பிரேக்கின் அடியை முழங்கால் வாங்கிக்கொள்ளும்.

எலும்பு நிமிர்ந்திருந்து கேடன்ஸ் 158, 160 என்று இருந்தால் எதையும் தொடாதீர்கள். காலடி நீளத்தை உடம்பு தானே தேர்ந்தெடுக்கும்போது, அது பெரும்பாலும் ஆற்றல் குறைவாகச் செலவாகும் நீளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். 1980-களின் தொடக்கத்திலேயே கவனா, வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டிய விஷயம் இது.

180 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் காலடிகளை எண்ணினார். ஏறக்குறைய எல்லோரும் 180-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தார்கள். அவர்கள் ஒலிம்பிக் பந்தய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள். நம்முடைய ஆள் மெதுவான சுற்றில் நிமிடத்துக்கு 145 மீட்டர் ஓடுகிறார். அந்த வேகத்தில் 180 வைத்தால் காலடி நீளம் 81 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். சுடுமணலில் செருப்பில்லாமல் ஓடுவது போல இருக்கும்.

ஆக இவருக்குத் தேவை 5 சதவீதம். பந்தய வேகத்தில் 152-லிருந்து 160. ஹைடர்ஷைட் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அதே வேகத்தில் கேடன்ஸை 5 முதல் 10 சதவீதம் கூட்டியதும் முழங்காலும் இடுப்பும் தாங்கும் சுமை குறைந்தது தெரிந்தது. முதல் படிக்கு 5 போதும். 10-ஐ எடுத்த எடுப்பில் முயன்றால் மூச்சு முட்டும்.

போனில் ஒரு மெட்ரோனோம் செயலியை 160-ல் வையுங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கால். காதில் அந்த டக்-டக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: வேகமாக ஓடத் தொடங்கிவிடுவார்கள். நம் ஆள் பழைய நீளத்தை விடாமல் 160-க்குக் கால் போட்டால் சுற்று 144 விநாடியில் முடியாது, 137-ல் முடியும். வலது கால் எண்ணிக்கை அதே 182-ல் நிற்கும். அவர் தாளத்துக்கு ஓடியது உண்மை, ஆனால் காலடி ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை, பாதம் விழும் இடமும் மாறவில்லை. மூச்சுதான் சீக்கிரம் வாங்கியிருக்கும். சரியாகச் செய்தால் சுற்று 144 விநாடியிலேயே முடியும், வலது கால் 192 முறை படும். நேரம் மாறக்கூடாது, எண்ணிக்கை பத்து கூட வேண்டும். காலடி 1.10 மீட்டரிலிருந்து 1.04-க்கு வரும், அதாவது ஆறு சென்டிமீட்டர். அந்த ஆறு சென்டிமீட்டர் முன்பக்கத்திலிருந்து, பிரேக் போட்ட பகுதியிலிருந்து, கழிய வேண்டும்.

இதற்கு உடம்புக்குச் சொல்ல வேண்டிய சொல் "வேகமாக" அல்ல. "சீக்கிரம் எடு" என்று சொல்லிக்கொண்டால் வேலை செய்கிறது. கால் தரையில் பட்டதும் அதைச் சீக்கிரம் தூக்குவதில் கவனம் வைத்தால், அடுத்த கால் முன்னால் எட்டிப் போக நேரமிருக்காது. கைகளையும் கொஞ்சம் மடக்கிச் சின்னதாக வீசலாம், கை வேகத்தைக் கால் பின்பற்றும்.

முதல் வாரம் மூன்று நாள், வழக்கமான ஓட்டத்தின் நடுவில் ஆறு தடவை ஒரு நிமிடம் தாளத்துடன், இரண்டு நிமிடம் தாளமில்லாமல். அடுத்த வாரம் ஒரு நிமிடம் இரண்டாகும். மூன்றாவது வாரம் ஐந்து நிமிடமாக நான்கு தடவை, நான்காவது வாரம் பத்து நிமிடமாக இரண்டு தடவை. பிறகு மெட்ரோனோமை அணைத்துவிட்டு ஓடி, நடுவில் ஒருமுறை அரை நிமிடம் வலது காலை எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள். மெதுவான ஓட்ட நாட்களில் 160 வேண்டாம், 155 போதும். வேகம் குறைந்தால் கேடன்ஸும் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

முதல் இரண்டு வாரம் அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும். பழக்கமில்லாத அசைவுக்கு உடம்பு கொடுக்கும் கூலி அது, பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது ஆடுசதை. பாதம் உடம்புக்கு அருகில் விழத் தொடங்கியதும் சிலர் தம்மையறியாமல் முன்பாதத்தில் ஓட ஆரம்பித்துவிடுவார்கள், அப்போது முழங்கால் இறக்கி வைத்த சுமையை ஆடுசதையும் குதிகால் தசைநாணும் தூக்கிக்கொள்ளும். மறுநாள் ஆடுசதையில் வலி இருந்தால் சகஜம். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலுக்கு மேலே சுருக்கென்று இருந்தால் அது சகஜமல்ல. ஒரு வாரம் தாளத்தை நிறுத்திவிட்டு, மறுபடி 156-லிருந்து தொடங்குங்கள்.

இதனால் மட்டும் 27 நிமிடம் வந்துவிடுமா? வராது. 27 நிமிடத்தில் முடிக்க நிமிடத்துக்கு 185 மீட்டர் வேண்டும், ஒரு சுற்றுக்கு 129.6 விநாடி. பழைய பழக்கப்படி 153 கேடன்ஸில் அவர் அதை எட்ட முயன்றால் ஒவ்வொரு காலடியும் 1.21 மீட்டர் போக வேண்டும். 162 என்றால் 1.14 போதும். பந்தயத்தில் இப்போது அவர் போடும் 1.10-க்கு நாலு சென்டிமீட்டர் மேலே. பிரேக் இல்லாத காலடியில் அந்த நாலு சென்டிமீட்டரைப் பின்னால் தள்ளிச் சம்பாதிப்பது வழக்கமான வேகப் பயிற்சி செய்யும் வேலை. கேடன்ஸ் அதற்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

இனி எதிர்ப்பக்கம். கடலூரில் ராணுவ ஆள்சேர்ப்புக்குப் பயிற்சி எடுக்கும் இருபது வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். 1600 மீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண். அவன் 6 நிமிடத்தில் வருகிறான். இவனிடமும் "எட்டிப் போடு" என்றுதான் கத்துவார்கள். இவன் விஷயத்தில் அந்தக் குரலில் பாதி உண்மை இருக்கிறது.

முழு ஓட்டத்தில் தானே எண்ண முடியாது, பக்கத்தில் இருப்பவர் எண்ண வேண்டும். ஸ்டாப்வாட்ச்சை வலது கால் படும் ஒரு நொடியில் அழுத்தி, அந்தக் காலைப் பூஜ்யம் என்று வைத்து எண்ணத் தொடங்கி, இருபதாவது வலது காலில் நிறுத்தினால் நாற்பது காலடிக்கான நேரம் கிடைக்கும். 2400-ஐ அந்த விநாடியால் வகுத்தால் கேடன்ஸ். முதல் வலது காலையே "ஒன்று" என்று எண்ணினால் ஒரு காலடிச் சோடி குறைந்து, கேடன்ஸ் பத்து கூடுதலாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் நேர்ப்பாதையில் ஒருமுறை எடுத்தால் போதும்.

முதல் சுற்று 84 விநாடி, கேடன்ஸ் 187, காலடி 1.53 மீட்டர். அடுத்த இரண்டும் 89, 91. கடைசிச் சுற்று 96 விநாடி, கேடன்ஸ் 186, காலடி 1.34. கேடன்ஸ் அசையவே இல்லை. நீளம் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் சுருங்கிவிட்டது. கால்கள் அதே துடிப்பில் அடித்துக்கொண்டுதான் இருக்கின்றன, தரையைத் தள்ளும் பலம்தான் நான்காவது சுற்றில் இல்லை. இவனுக்கு மெட்ரோனோம் கொடுத்தால் வீண். "எட்டிப் போடு" என்று கத்தினால் காலை முன்னால் நீட்டி, மேலே சொன்ன பிரேக்கைப் புதிதாகக் கற்றுக்கொள்வான். முன்னால் எட்டுவதால் வரும் நீளம் பொய் நீளம். நிஜ நீளம் கால் தரையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம் என்பதிலிருந்து வருகிறது. வெயாண்ட் என்ற ஆய்வாளரின் குழு 2000-ல் காட்டியதும் அதுதான்: அதிவேகக்காரர்கள் மற்றவர்களைவிடக் காலை வேகமாகச் சுழற்றுவதில்லை, தரையை அதிகப் பலத்தோடு அழுத்துகிறார்கள். பெர்லினில் 2009-ல் போல்ட் 9.58 விநாடியில் ஓடியபோது 100 மீட்டருக்கு ஏறக்குறைய 41 காலடிதான் வைத்தார்.

தள்ளும் பலத்துக்கு மேடு வேண்டும், நம் ஊர் தட்டையானது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கடலூருக்குக் கேப்பர் மலை இருக்கிறது, புதுச்சேரிக்குக் கோரிமேடு பெயரிலேயே மேட்டை வைத்திருக்கிறது. வண்டி குறைவான ஓர் ஏற்றத்தில் வாரம் ஒருநாள் எட்டு விநாடி முழு பலத்தோடு ஓட்டம், இரண்டு நிமிடம் நடந்து இறக்கம், ஆறு தடவை. எட்டு விநாடியைத் தாண்டினால் அது மூச்சுப் பயிற்சியாக மாறிவிடும், பலப் பயிற்சியாக இருக்காது. ஏற்றத்தில் கால் முன்னால் எட்டவே முடியாது, தரை எதிரில் எழும்பி நிற்கிறது, அதனால் பின்னால் தள்ளினால்தான் உடம்பு நகரும். இன்னொரு நாள் படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, காலுக்குப் பன்னிரண்டாக மூன்று தடவை.

கடைசிச் சுற்றில் அந்தப் பலம் தங்குவது வேறு சமாச்சாரம், அதற்கு 400 மீட்டர் ஓட்டங்கள்தான். 82 விநாடியில் ஒன்று, மூன்று நிமிடம் நடை, ஆறு வரை. அந்த வேகத்துக்கு 188 கேடன்ஸில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 257 காலடி, வலது கால் 128 அல்லது 129. நான்காவது ஓட்டத்தில் நேரம் 82-ஆகவே இருந்தும் வலது கால் 134, 135 என்று போனால் காலடி சுருங்கத் தொடங்கிவிட்டது, துடிப்பைக் கூட்டி ஈடுகட்டுகிறான். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மீதி இரண்டையும் ஓடினால் சுருங்கிய காலடியைத்தான் பழகுவான். ஐம்பதைத் தாண்டியவர்களின் தாளும் பெரும்பாலும் இந்தப் பையனுடையதைப் போலத்தான் இருக்கும். வயதோடு கேடன்ஸ் அவ்வளவாக மாறாது, நீளம்தான் குறையும். அவர்களுக்கும் படி விளிம்புப் பயிற்சிதான், ஏற்றத்தில் முழு பலம் வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து அதே மைதானம், அதே உள்வட்டம், அதே ஷூ, முடிந்தால் அதே நேரம். ஐந்தரைக்கு எடுத்த அளவை எட்டு மணி வெயிலில் எடுத்த அளவோடு ஒப்பிடாதீர்கள். புதுச்சேரிக்காரரின் 144 விநாடிச் சுற்றில், மெட்ரோனோம் இல்லாமல், வலது கால் 190-ஐ ஒட்டி வந்தால் வேலை முடிந்தது, இனி அவர் எண்ண வேண்டாம். 184 வந்தால் மூன்றாவது வாரத்துக்குத் திரும்ப வேண்டும். பையனின் தாளில் பார்க்க வேண்டியது நான்காவது சுற்றின் காலடி நீளம் ஒன்றுதான். 1.34 இருந்த இடத்தில் 1.45 வந்திருந்தால், அதே 186-ல் அந்தச் சுற்று 89 விநாடியில் முடிந்திருக்கும்.